எறியலாமா, கூடாதா?
(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல் மாணவன்)

நிரல் ஒன்று ஓடும்பொழுது நினைவகத்தில் பொருள்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன. வேலை முடிந்த பொருளின் இடத்தைத் திரும்பப் பெறும் பணிக்குக் குப்பை சேகரிப்பு என்று பெயர். கூட்டுவது எளிது, எது குப்பை என்று முடிவு செய்வதுதான் கடினம். பின்னால் தேவைப்படும் பொருளை எறிந்துவிட்டால் நிரல் தவறான விடை தரும், அல்லது நின்றே போகும்.

இதற்கு இரண்டு விடைகள் 1960ஆம் ஆண்டிலேயே வெளிவந்தன. லிஸ்ப் மொழியை வகுத்த ஜான் மெக்கார்த்தி, நிரலின் கையில் நேரே உள்ளவற்றை வேர்களாகக் கொண்டு, அங்கிருந்து தொடர்ந்து சென்று எட்ட முடிந்தவற்றுக்கெல்லாம் அடையாளமிட்டு, எஞ்சியதை எறியச் சொன்னார். ஜார்ஜ் காலின்ஸ், ஒவ்வொரு பொருளையும் எத்தனை பேர் சுட்டுகிறார்கள் என்று எண்ணி வைத்து, எண்ணிக்கை சுழியானதும் எறியச் சொன்னார். நாம் வகுப்பில் பயிலும் பைதான் மொழியின் பரவலான பதிப்பு இரண்டாம் வழியையே அடிப்படையாகக் கொண்டது. ஆனால் அது மட்டும் போதாது. ஏன் என்பதை இச்சிறு நிரலில் காணலாம்.

```python
import gc
gc.disable()
gc.collect()

def test():
    a = []; b = []
    a.append(b); b.append(a)
    c = []; d = []
    c.append(d); d.append(c)
    del a, b, d
    print(gc.collect())

test()
```

`del` என்பது பொருளை அழிப்பதில்லை. பெயரை மட்டுமே நீக்குகிறது. எனவே a, b என்ற பெயர்கள் போனபின்னும் அவ்விரு பட்டியல்களின் எண்ணிக்கை ஒவ்வொன்றுக்கும் 1 ஆக நிற்கிறது. ஒன்றை மற்றொன்று பிடித்துக்கொண்டிருப்பதே காரணம். கடன் கேட்டு வந்த இருவர் ஒருவருக்கொருவர் ஜாமீன் கையெழுத்திட்டுக்கொண்ட கதைதான் இது. ஏட்டில் ஜாமீன் இருக்கிறது. வெளியாள் ஒருவரும் இல்லை. எண்ணிக்கையை மட்டும் நம்பினால் இந்தச் சோடி என்றும் எறியப்படாது.

இக்குறையைப் போக்க 2000ஆம் ஆண்டில் வெளியான பைதான் 2.0 பதிப்பில் சுழல்களைக் கண்டுபிடிக்கும் பகுதி சேர்க்கப்பட்டது. அதன் கணக்கு மிக அழகானது. முதலில் ஒவ்வொரு பொருளின் எண்ணிக்கையையும் தனியே ஒரு படி எடுத்துக்கொள்கிறது. நம் நான்கு பட்டியல்களுக்கும் முறையே 1, 1, 2, 1 என்று வரும். c மட்டும் 2. ஏனெனில் d சுட்டுவதோடு, இயங்கிக்கொண்டிருக்கும் `test` சார்பிலுள்ள பெயரும் அதைச் சுட்டுகிறது. அடுத்து ஒவ்வொரு பொருளாகத் திறந்து, அது யாரைச் சுட்டுகிறதோ அவருடைய படியில் ஒன்றைக் கழிக்கிறது. உள்ளுக்குள்ளேயே கொடுத்துக்கொண்ட ஜாமீன்களெல்லாம் இவ்வாறு கழிந்துவிடும். மீதி 0, 0, 1, 0. மீதி உள்ள பொருளை வெளியிலிருந்து எவரோ பிடித்திருக்கிறார் என்று பொருள். அவர் யாரென்று தேட வேண்டியதே இல்லை. வேர்களைப் பட்டியலிடாமலேயே காரியம் முடிகிறது என்பது என்னை வியக்கவைத்தது.

இந்த நிலையிலேயே சுழி பெற்றவற்றை எறிந்தால் d-யும் போய்விடும். அதைச் சுட்டும் c வெறுமையைச் சுட்டி நிற்கும். ஆகவே மூன்றாம் படி ஒன்று உண்டு. மீதி உள்ள பொருளிலிருந்து புறப்பட்டு, அதன் வழியே எட்டக்கூடியவற்றையெல்லாம் மீட்கிறது. c-யின் வழியாக d மீள்கிறது. a, b இரண்டையும் மீட்க ஆளில்லை. நிரல் அச்சிடும் எண் 2. முன்பு எடுத்த எண்ணிக்கையில் b-யும் d-யும் ஒரே நிலையில், அதாவது 1 என்றுதான் இருந்தன என்பதை வாசகர் நினைவிற்கொள்க.

அழியும் நேரத்தில் இயங்க வேண்டிய `__del__` முறையை உடைய பொருள் சுழலில் இருந்தால் சிக்கல் வந்தது. எதை முதலில் முடிப்பது என்று தெரியாமல் பைதான் அவற்றை எறியாமல் ஒதுக்கியே வைத்தது. 2014இல் வந்த 3.4 பதிப்பு இதைத் தீர்த்தது.

தீராத ஒன்றும் உண்டு. மேலே உள்ள நிரலை மறுபடி பாருங்கள். `gc.collect()` அழைக்கப்பட்ட பிறகு c-யை நாம் எங்கும் பயன்படுத்தவில்லை. மனிதக் கண்ணுக்கு அதுவும் குப்பையே. ஆயினும் அது காக்கப்பட்டது. சேகரிப்பான் கேட்பது "எட்ட முடியுமா?" என்ற கேள்வியை மட்டுமே, "இனித் தேவைப்படுமா?" என்று அது கேட்பதில்லை. எந்த நிரலுக்கும் இரண்டாம் கேள்விக்குத் தவறாமல் விடை சொல்லும் பொதுமுறை இருக்க முடியாது. நிரல் நிற்குமா என்பதைப் பற்றி டூரிங் 1936இல் காட்டிய முடிவின் வழி இது பெறப்படும். எட்ட முடியாததை நிரல் தொடவே முடியாது. ஆகவே அதை எறிவதில் ஆபத்தில்லை. எட்ட முடிந்ததில் எவ்வளவு வீண் என்பது அதற்குத் தெரியாது.

நீண்ட நேரம் ஓடும் நிரலில் நினைவகம் ஏறிக்கொண்டே போகிறது. `gc.collect()` கேட்டால் 0 என்கிறது. அப்பொழுது சேகரிப்பானைக் குறை சொல்வதில் பயனில்லை. எழுதியவரே ஏதோ ஒரு பட்டியலிலோ அகராதியிலோ சேர்த்துக்கொண்டே போய், நீக்க மறந்திருப்பார். `gc.get_referrers` என்ற கட்டளை, ஒரு பொருளைப் பிடித்திருப்பவர் யார் என்று காட்டும். தேடலை அங்கிருந்து தொடங்கலாம்.