சீரான மின்புலத்தில் ஆடும் மின் இருமுனை

மாணவர்களே, மின் இருமுனை பற்றிய கணக்குகளில் மதிப்பெண் போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். θ சிறியது என்று கொண்டு பெற்ற வாய்பாட்டை, θ பெரியதாக உள்ள கேள்வியிலும் பயன்படுத்தி விடுகிறோம். ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகச் செய்து பார்த்தால் இந்தத் தவறு எப்படி நேர்கிறது என்பது புரியும்.

10 செ.மீ. நீளமுள்ள மெல்லிய பிளாஸ்டிக் குச்சி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் இரு முனைகளிலும் 0.5 கிராம் நிறையுள்ள சிறு பந்துகள் உள்ளன. ஒன்றில் +5 நானோகூலோம், மற்றதில் −5 நானோகூலோம் மின்னூட்டம். குச்சியின் நடுவில் மெல்லிய நூல் கட்டிக் கிடையாகத் தொங்கவிடுகிறோம். சுற்றிலும் 10⁵ V/m அளவுள்ள சீரான, கிடையான மின்புலம் இருக்கிறது. குச்சியின் நிறையையும் நூலின் முறுக்கத்தையும் விட்டுவிடலாம்.

முதலில் விசைகளைப் பாருங்கள். இரு பந்துகளின் மீதும் qE அளவுள்ள விசை செயல்படுகிறது. ஆனால் திசைகள் எதிரெதிர். எனவே மொத்த விசை சுழி. குச்சி இடம் பெயராது. உண்மையான சோதனையில் நூல் செங்குத்திலிருந்து சாய்ந்தால், மின்னூட்டங்கள் சமமாக இல்லை, அல்லது மின்புலம் சீராக இல்லை என்று அறிந்துகொள்ளலாம்.

இடம் பெயராவிட்டாலும் குச்சி திரும்பும். நடுப்புள்ளியிலிருந்து ஒவ்வொரு விசையின் செங்குத்துத் தூரம் (d/2) sin θ. இரண்டும் குச்சியை ஒரே பக்கமாகத் திருப்புவதால் கூட்டுகிறோம்:

τ = qE·d sin θ = pE sin θ

இங்கே p = qd; அதன் திசை எதிர் மின்னூட்டத்திலிருந்து நேர் மின்னூட்டத்தை நோக்கியது. θ என்பது p-க்கும் E-க்கும் இடையிலான கோணம். நம் குச்சிக்கு p = 5 × 10⁻¹⁰ C m; ஆகவே pE = 5 × 10⁻⁵ N m.

இந்தத் திருப்பு விசைக்கு எதிராகக் குச்சியைத் திருப்ப நாம் செய்யும் வேலை, நிலை ஆற்றலாகச் சேர்கிறது. 90 பாகையில் நிலை ஆற்றலைச் சுழி என்று கொண்டால்,

U = −pE cos θ

θ = 0 எனில் U மிகக் குறைவு; அது உறுதிச் சமநிலை. θ = 180 பாகையிலும் திருப்பு விசை சுழிதான்; ஆனால் அங்கே U மிக அதிகம். குச்சியை லேசாகத் தொட்டாலும் புரண்டுவிடும்.

இனி அலைவுக் காலம். குச்சியை 5 பாகை திருப்பி விடுகிறோம். திருப்பு விசை கோணத்தைக் குறைக்கவே முயல்வதால் எதிர்க்குறி வேண்டும்: Iα = −pE sin θ. சிறு கோணத்தில், θ-வை ரேடியனில் எழுதினால், sin θ ≈ θ. எனவே α = −(pE/I)θ. இது தனிச் சீரிசை இயக்கம்:

T = 2π√(I/pE)

நிலைமத் திருப்புத்திறன் I-ஐக் கணக்கிடும்போது கவனம் தேவை. ஒவ்வொரு பந்தும் மையத்திலிருந்து d/2 தூரத்தில் உள்ளது. d தூரத்தில் அல்ல. I = 2m(d/2)² = 2.5 × 10⁻⁶ kg m². I/pE = 0.05 s². ஆகவே T ஏறக்குறைய 1.4 வினாடி. மின்புலத்தை நான்கு மடங்காக்கினால் T பாதியாகும்.

இப்போது கேள்வியைச் சற்று மாற்றுவோம். அதே குச்சியை 90 பாகையில் பிடித்து விட்டால், மின்புலத்தின் திசையைக் கடக்கும்போது அதன் கோண வேகம் என்ன?

பலர் உடனே சீரிசை இயக்கத்தின் ωθ₀ வாய்பாட்டை எடுப்பார்கள். ω = √(pE/I) = 4.47 rad/s, θ₀ = 1.57 ரேடியன், விடை 7.0 rad/s. இது தவறு.

ஆற்றலைக் கொண்டு பாருங்கள். தொடக்கத்தில் U = 0; θ = 0 ஆகும்போது U = −pE. இழந்த pE முழுவதும் இயக்க ஆற்றலாகிறது. ½I × (கோண வேகம்)² = pE என்பதிலிருந்து, கோண வேகம் = √(2pE/I) = √40, அதாவது 6.3 rad/s. இதுவே சரியான விடை.

இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? சீரிசை வாய்பாட்டில் நிலை ஆற்றல் மாற்றம் ½pEθ² என்றாகிறது. 90 பாகையில் அது 1.23 pE. உண்மையில் கிடைப்பதோ pE மட்டும். இல்லாத 23 விழுக்காடு ஆற்றலை நாமே கூட்டிவிட்டோம்.

அலைவுக் காலமும் கோணத்தைப் பொறுத்து மாறும். 30 பாகையில் விட்டால் T சுமார் 1.7 விழுக்காடு கூடுகிறது, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். 90 பாகையில் விட்டாலோ 18 விழுக்காடு கூடி, ஏறக்குறைய 1.66 வினாடி ஆகிவிடும்.

ஆகவே கேள்வியில் கோணத்தை முதலில் பாருங்கள். கோணம் சிறியதாக இருந்து, காலத்தைக் கேட்டால் T வாய்பாடு போதும். கோணம் பெரியதாக இருந்து, வேகத்தையோ வேலையையோ கேட்டால் −pE cos θ-விலிருந்து தொடங்குங்கள். இந்த வழி எல்லாக் கோணங்களுக்கும் பொருந்தும்.