கையொப்பம் மாறியபின் காசோலைகள்

திரும்பி வந்த காசோலையுடன் இணைக்கப்பட்டிருக்கும் குறிப்பில் 12 என்னும் எண் இருந்தால், காசோலையை எழுதியவரின் கையொப்பம் வங்கியில் உள்ள மாதிரியோடு பொருந்தவில்லை என்பது பொருள். கணக்கில் பணம் நிறைந்திருந்தாலும் இவ்வாறு நேரும். இன்றைய தீர்வு முறையில் காசோலைத் தாள் அதைப் பெற்றுக்கொண்ட வங்கியிலேயே தங்கிவிடுகிறது. நம் வங்கிக்கு வருவது அதன் படம் மட்டுமே. எங்கோ ஓர் அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் அதிகாரி அப்படத்தையும் மாதிரிக் கையொப்பத்தையும் திரையில் ஒப்பிடுகிறார். கிளையில் நம்மை முகமறிந்தவர்கள் பலர் இருப்பது அங்கே பயன்படாது. பொய்க் கையொப்பமிட்ட காசோலைக்குப் பணம் கொடுத்த வங்கி அத்தொகையை வாடிக்கையாளரின் கணக்கில் பற்று வைக்க இயலாது என்று உச்ச நீதிமன்றம் 1987-இல் தீர்ப்பளித்தது. ஐயம் எழுந்தால் காசோலை திருப்பப்படுவதன் காரணம் இதுவே.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை எடுத்துக்கொள்வோம். 1989-இல் கணக்குத் தொடங்கியபோது முழுப்பெயரையும் தமிழில் எழுதிக் கையொப்பமிட்டவர். இப்போது கை நடுங்குவதால் சுருக்கமாக ஒப்பமிடுகிறார். ஜூலை 3 அன்று கட்டுமானப் பொருள் கடைக்கு 26,500 ரூபாய்க்குச் சுருக்கக் கையொப்பத்தில் காசோலை கொடுத்தார், அது திரும்பியது. ஜூலை 12 அன்று, அதற்கு மாற்றாகப் பழைய கையொப்பத்தைப் பார்த்துப் பார்த்து எழுதிய காசோலையும் திரும்பியது. பார்த்து எழுதிய கையொப்பத்தில் கோடுகள் தயங்கித் தயங்கி நிற்கும். அது போலியை நினைவூட்டுவதால், அதிகாரியின் ஐயம் வளருமேயன்றிக் குறையாது.

அவர் செய்ய வேண்டியது, கணக்கு உள்ள கிளைக்கு நேரில் சென்று கையொப்ப மாற்றத்துக்கு விண்ணப்பிப்பதாகும். கணக்குப் புத்தகம், புகைப்படத்துடன் கூடிய அடையாள ஆவணத்தின் மூலம் ஆகியவை உடன் இருத்தல் நன்று. விண்ணப்பத்தில் பழைய கையொப்பத்தையும் புதியதையும் இடுமாறு கேட்பது வழக்கம். பழையது வரவில்லையெனில் அதை ஒளிக்காமல் சொல்லிவிடலாம். அப்போது ஆவணங்களையும் புகைப்படத்தையும் கொண்டு அதிகாரி ஆளை உறுதிசெய்வார். புதிய கையொப்பத்தை அதிகாரியின் முன்னிலையிலேயே இட வேண்டும். வீட்டில் இட்டுப் பிறரிடம் கொடுத்தனுப்புவது ஏற்கப்படாது. ஓர் அலுவலர் அதைக் கணினியில் பதிய, மற்றோர் அதிகாரி ஒப்புதல் அளித்தபின்னரே மாற்றம் நடைமுறைக்கு வரும். எனவே விண்ணப்பம் கொடுத்த நாளை நம்பாமல், ஒப்புதல் முடிந்த நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அதன்பின் காசோலை எழுதுக. கிளையிலேயே ஒரு சிறு தொகையைத் தம் பெயருக்கான காசோலையால் எடுத்துப் பார்த்தால் ஐயம் தீரும்.

பலர் கவனிக்கத் தவறும் இடம் இனிமேல்தான் வருகிறது. மாதிரி மாறிய கணமே, பழைய கையொப்பத்துடன் பிறர் கையில் இருக்கும் காசோலைகள் பொருந்தாதவையாகிவிடும். நம் ஆசிரியை ஏப்ரலில், நிதானமாகப் பழைய முறையில் ஒப்பமிட்டு, குடியிருப்போர் சங்கத்துக்கு நான்கு காசோலைகள் கொடுத்திருந்தார். மே 1-ஆம் தேதியிட்டது பணமாகிவிட்டது. ஆகஸ்ட், நவம்பர், பிப்ரவரி மாதங்களுக்குரிய மூன்றும் எஞ்சியுள்ளன. ஜூலை 20 அன்று மாற்றம் நடைமுறைக்கு வந்தால் இம்மூன்றும் திரும்பும். ஆகவே முதலில் காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டைகளைப் புரட்டி நிலுவையிலுள்ளவற்றைக் குறித்துக்கொண்டு, அவற்றைத் திரும்பப் பெற்றுப் புதிய கையொப்பத்தில் வேறு காசோலைகள் கொடுக்க வேண்டும். பழைய கையொப்பத்தின் அருகிலேயே புதியதையும் இட்டுக் கொடுப்பது தீர்வாகாது.

கடைக்குக் கொடுத்த இரண்டில், சுருக்கக் கையொப்பமிட்ட ஜூலை 3 காசோலை இனிப் பொருந்தும். தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் மீண்டும் செலுத்தலாம். பார்த்து எழுதிய மற்றது எக்காலத்தும் பொருந்தாது. எனினும், தொகையை மின்வழிப் பரிமாற்றமாகச் செலுத்தி இரு காசோலைகளையும் திரும்பப் பெறுவதே எளிது என்பது நம் கருத்து. இதைத் தள்ளிப்போடலாகாது. கையொப்ப வேறுபாட்டால் திரும்பும் காசோலையும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவுக்குள் வரக்கூடும் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. காசோலை திரும்பிய செய்தி கிடைத்த 30 நாள்களுக்குள் கடைக்காரர் எழுத்து மூலம் பணம் கோரலாம்; அக்கோரிக்கை நமக்குக் கிடைத்தபின் செலுத்துவதற்கு 15 நாள்களே உண்டு.

பாதுகாப்புப் பெட்டகம், வைப்புத்தொகை, கூட்டுக் கணக்கு ஆகியவை வேறு வாடிக்கையாளர் எண்ணிலோ தனி அட்டையிலோ இருந்தால், அவற்றிலும் கையொப்பத்தை மாற்றுமாறு விண்ணப்பத்திலேயே குறிப்பிடுக. நடுக்கம் முற்றி எந்தக் கையொப்பமும் நிலையாக வராத நிலையில், பெருவிரல் ரேகையைக் கொண்டு பணம் எடுக்க ரிசர்வ் வங்கியின் நெறிமுறை இடமளிக்கிறது. வங்கிக்குத் தெரிந்த இரு தனிச்சாட்சிகள் அந்த ரேகையை அடையாளம் காட்ட வேண்டும். அவர்களுள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருத்தல் வேண்டும்.