புள்ளி மறையாத தலைப்பு

காணொளித் தளத்தில் ஒரு காணொளியைத் திறப்பதற்கு முன்பே பார்வையாளரின் கண்ணில் படுவது அதன் முகப்புப் படம். இப்படம் பொதுவாக 1280 பிக்சல் அகலமும் 720 பிக்சல் உயரமும் கொண்டதாக உருவாக்கப்படுகிறது. ஆனால், காணொளிப் பட்டியலில் அது மிகச் சிறியதாகத்தான் தெரியும். எடுத்துக்காட்டாக, 160 பிக்சல் அகலத்தில் காட்டப்படும்போது படம் எட்டில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. படத்தோடு சேர்ந்து அதிலுள்ள எழுத்துகளும் சுருங்கிவிடுகின்றன.

சிறிய இடத்தில் பளிச்சென்று தெரியும் எழுத்துக்கான தேவை கணினிக் காலத்திற்கு முன்பே இருந்தது. 1965ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜெஃப்ரி லீ என்பவர் வடிவமைத்த ‘Impact’ என்னும் எழுத்துரு, தலைப்புகளுக்கும் விளம்பரங்களுக்கும் ஏற்றதாக அமைந்தது. அதன் கோடுகள் தடித்தவை, எழுத்துகள் ஒடுங்கியவை. ஒடுங்கிய எழுத்து குறைந்த அகலத்தையே எடுத்துக்கொள்வதால், அதே வரியில் எழுத்துகளை இன்னும் உயரமாக அமைக்க முடிகிறது. பின்னாளில் இந்த எழுத்துரு விண்டோஸ் கணினிகளுடன் சேர்ந்தே வந்ததால், மீம் உருவாக்குவோரிடையே பரவலாகப் புழங்கத் தொடங்கியது.

மீம்களில் வெள்ளை எழுத்தைச் சுற்றிக் கறுப்புப் புறக்கோடு இருப்பதற்கும் காரணம் உண்டு. புகைப்படத்தில் ஓரிடம் வெளிச்சமாகவும் மற்றோரிடம் இருட்டாகவும் இருக்கும். வெள்ளை எழுத்து வெளிச்சமான பகுதியில் மறையும். கறுப்பு எழுத்து இருட்டான பகுதியில் மறையும். வெள்ளை எழுத்துக்குக் கறுப்புப் புறக்கோடு இட்டால், பின்னணி எதுவானாலும் எழுத்தின் ஓரத்தில் வெள்ளையும் கறுப்பும் அருகருகே நிற்கும். அந்த வேறுபாட்டைக் கண் எளிதில் பிடித்துக்கொள்ளும்.

தமிழில் இம்முறையைப் பின்பற்றும்போது இரண்டு தவறுகள் நேர்கின்றன. முதலாவது, எழுத்துருத் தேர்வு. ‘Impact’ எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் இல்லை. அதைத் தேர்ந்தெடுத்துத் தமிழில் தட்டச்சு செய்தால், கணினி வேறொரு தமிழ் எழுத்துருவையே காட்டும். அதன் பக்கங்களை அழுத்தி ஒடுக்கினால், செங்குத்துக் கோடுகள் மெலிந்துவிடும்; ‘ண’, ‘ஐ’ போன்ற எழுத்துகளின் சுழிகள் நெரிந்துவிடும். எனவே, ஒடுங்கிய தடித்த வடிவத்திற்கென்றே வரையப்பட்ட எழுத்துரு தேவை. ‘Anek Tamil’ என்னும் எழுத்துருவில் அத்தகைய வடிவங்கள் உள்ளன.

இரண்டாவது தவறு, புறக்கோட்டை இடும் முறை. பற்களைப் பாதுகாப்பது பற்றிய ஒரு காணொளிக்குப் ‘பல் வலி ஏன்?’ என்னும் தலைப்பை இடுவதாகக் கொள்வோம். எழுத்தின் உயரம் 120 பிக்சல். ‘ல்’ மீதுள்ள புள்ளியின் அகலம் 24 பிக்சல். புறக்கோட்டின் தடிமன் 16 பிக்சல். பல மென்பொருள்கள் புறக்கோட்டை எழுத்தின் விளிம்பில் நடுவாக வைத்து வரைகின்றன. அதாவது, 8 பிக்சல் வெளியேயும் 8 பிக்சல் உள்ளேயும் அமையும். இதனால் புள்ளியின் இரு பக்கமும் தேய்ந்து, 8 பிக்சல் வெள்ளை மட்டுமே எஞ்சும். படம் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும்போது அது ஒரே ஒரு பிக்சலாகிவிடும். புள்ளி கண்ணுக்குத் தெரியாததால், ‘பல் வலி ஏன்?’ என்பது ‘பல வலி ஏன்?’ என்று படிக்கப்படும். ஆங்கிலத் தலைப்பில் ஓர் எழுத்து சற்று மெலிந்தாலும் சொல் பெரும்பாலும் மாறாது. தமிழில் ஒரு புள்ளி மறைந்தாலே பொருள் மாறிவிடும்.

இதற்குத் தீர்வு எளியது. ஒரே தலைப்பை இரண்டு அடுக்குகளாக, ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க வேண்டும். கீழ் அடுக்கில் மட்டும் கறுப்புப் புறக்கோடு இருக்க வேண்டும். மேல் அடுக்கில் புறக்கோடு இல்லாத வெள்ளை எழுத்து இருக்க வேண்டும். இப்போது புறக்கோட்டை 32 பிக்சலாகத் தடிக்கச் செய்தாலும் புள்ளி தேயாது. சுருங்கிய படத்தில் புள்ளி 3 பிக்சல் அகலத்திலும், அதைச் சுற்றியுள்ள கறுப்பு 2 பிக்சல் அகலத்திலும் நிற்கும். எனினும், அடுத்தடுத்த எழுத்துகள் நெருக்கமாக இருந்தால் இடையிலுள்ள கறுப்பு குறைந்து எழுத்துகள் ஒட்டினாற்போலத் தோன்றும். ஆகவே, எழுத்துகளுக்கிடையே சற்று இடைவெளி விட வேண்டும். இரண்டு வரிகளாக அமைத்தால், கீழ்வரியின் புள்ளிகள் மேல்வரியைத் தொடாதவாறும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படம் முடிந்ததும் அதைத் திரையில் 160 பிக்சல் அகலத்திற்குச் சுருக்கி, தலைப்பை அறியாத ஒருவரிடம் காட்டிப் படிக்கச் சொல்லலாம். அவர் ‘பல்’ என்று தயங்காமல் படித்தால் தலைப்பு சரியாக அமைந்துள்ளது. ‘பல’ என்று படித்தால், புறக்கோட்டை மேலும் தடிக்கச் செய்வதால் பயனில்லை. சொற்களைக் குறைத்து எழுத்தைப் பெரிதாக்குவதே வழி. ‘பல் வலி ஏன்?’ என்பதில் ‘ஏன்?’ என்ற சொல்லை நீக்கினால் மற்ற இரு சொற்களும் பெரிதாக இடம் பெறும். அவற்றோடு புள்ளியும் வளரும்.