இருநூறு குறிகளுக்குள் ஒரு விண்ணப்பக் குறிப்பு

லிங்க்டுஇன் தளத்தில் இணைப்பு வேண்டுகோளுடன் அனுப்பும் குறிப்புக்கு இலவசக் கணக்கில் 200, கட்டணக் கணக்கில் 300 என எழுத்துக்குறி வரம்பு உண்டு. இடைவெளியும் நிறுத்தக்குறியும் அதில் அடங்குவதோடு, தமிழில் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால், 'கி' என்பது இரண்டு குறிகளாகும்.

யாருக்கு? இலவசக் கணக்கில் குறிப்புகளின் மாத எண்ணிக்கையும் குறைவாதலால், பணியமர்த்தல் மேலாளருக்கே, அதாவது புதியவர் யாரின்கீழ் பணிபுரிவாரோ அந்தக் குழுத்தலைவருக்கே, அதைச் செலவிடுதல் நன்று.

எதை எழுதுவது? நிறுவனத்தைப் பொதுவாகப் புகழும் வரி எவருக்கும் பொருந்தும் என்பதால், அம்மேலாளர் எழுதிய அல்லது செய்த ஒன்றைச் சுட்டி, அதனோடு தொடர்புள்ள தம் அனுபவத்தை ஒரே வரியில் சொல்லி, சிறு வேண்டுகோளுடன் முடிக்கலாம்.

மாதிரி (ஏறத்தாழ 183 குறிகள்): "வணக்கம். மருந்துக் கிடங்கு இருப்பு பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். அத்துறையில் 4 ஆண்டுகளாகத் தரவுப் பகுப்பாய்வு செய்கிறேன். தங்கள் பதிவுகளைத் தொடர்ந்து படிக்க இணைய விரும்புகிறேன்."

எதை விடுவது? அனுப்புபவரின் பெயரும் பதவியும் வேண்டுகோளுடனேயே தெரிவதால் தன்னறிமுகம் வேண்டியதில்லை. வேலை கேட்பதையும் தன்விவரக் குறிப்பு அனுப்புவதையும், இணைப்பு ஏற்கப்பட்டு நீண்ட செய்தி எழுத வழி திறந்தபின் வைத்துக்கொள்ளலாம்.

சரிபார்ப்பு: மேலாளரின் பெயரை மாற்றி வேறொருவருக்கு அனுப்பினாலும் குறிப்பு பொருந்துமானால், அதன் முதல் வரியைத் திருத்தி எழுத வேண்டும்.