வட்டியில்லாத் தவணையின் நிஜ விலை

12,000 ரூபாய் போன். ‘வட்டி கிடையாது, மாதம் 2,000 வீதம் ஆறு மாதம் கட்டினால் போதும்’ என்கிறது செயலி. ஆறால் பெருக்கினால் அதே 12,000 வருகிறது. இந்தப் பெருக்கலோடு நிறுத்திக்கொள்பவர்களை நம்பித்தான் இந்தத் தொழிலே நடக்கிறது.

முதலில், அதே போனை மொத்தமாகப் பணம் கட்டினால் என்ன விலை என்று பாருங்கள். யுபிஐயில் கட்டினால் 500 ரூபாய் தள்ளுபடி என்று வைத்துக்கொள்வோம். அப்போது நிஜ விலை 11,500. தவணையில் எடுத்தால் அந்தத் தள்ளுபடி போய்விடும். பெயர் சொல்லாத வட்டி பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கும்.

அடுத்து பிராசஸிங் கட்டணம். திரையில் 299 என்றிருக்கும். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 353. இழந்த தள்ளுபடியையும் இதையும் கூட்டினால் கூடுதல் செலவு 853 ரூபாய்.

853ஐ 11,500ஆல் வகுத்து ‘ஏழரை சதவீதம்கூட இல்லையே’ என்று திருப்திப்பட வேண்டாம். முழுத் தொகையும் ஆறு மாதமும் உங்களிடம் இருப்பதில்லை, மாதாமாதம் 2,000 குறைகிறது. 353ஐ முதல் நாளே கட்டிவிடுவதால் உங்களுக்குக் கிடைத்த கடன் 11,147 மட்டுமே. எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில் இதைப் போடுங்கள்:

```
=RATE(6,-2000,11147)*12
```

விடை ஆண்டுக்குச் சுமார் 26 சதவீதம். தள்ளுபடியே இல்லாத கடை என்றால் 11147க்குப் பதில் 11647 போடுங்கள்; கட்டணம் மட்டுமே சுமார் 10 சதவீதம் ஆகிறது.

ரிசர்வ் வங்கி விதிப்படி, கடனுக்கு முன் தரும் முக்கிய விவர அறிக்கையில் ஆண்டுச் சதவீதம் இருக்க வேண்டும். ஆனால் நீங்கள் இழந்த தள்ளுபடி அதற்குத் தெரியாது. தாமதக் கட்டணமும் அந்தச் சதவீதத்தில் சேராது. அறிக்கையில் தனியாக இருக்கும், தேடிப் படியுங்கள்.

ஏனென்றால் ஒரு தவணை தவறினால் அடி இரண்டு பக்கமும் விழும். கணக்கில் பணமில்லாமல் ஆட்டோ டெபிட் திரும்பினால் கடன் கொடுத்தவர் 350 கேட்கலாம். உங்கள் வங்கியும் தன் பங்குக்கு 250, ஜிஎஸ்டியோடு 295 எடுக்கலாம். ஐந்து நாள் தாமதத்துக்கு 645 ரூபாய், அதாவது அந்தத் தவணையில் 32 சதவீதம்! மறுபடி டெபிட் முயன்று மறுபடி திரும்பினால் வங்கி இன்னொரு முறை பிடிக்கும். ஒரு முறை திரும்பியதிலேயே மொத்தக் கூடுதல் செலவு 853லிருந்து 1,498 ஆகிவிட்டது.

எனவே ‘சம்மதம்’ அழுத்துமுன் தவணைத் தேதியைப் பாருங்கள். சம்பளம் 7ஆம் தேதி, டெபிட் 5ஆம் தேதி என்றால் தேதியை மாற்றித் தரக் கேளுங்கள். மறுத்தால், அந்த 645ஐயும் விலையில் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.