இடிஎஃப் வாங்கப் போகிறவருக்கு ஐந்து வார்த்தை

என் தம்பி மகன் போன மாதம் டீமேட் கணக்கு திறந்தான். “பெரியப்பா, இடிஎஃப் பங்கா, மியூச்சுவல் ஃபண்டா?” என்று கேட்டான். அவனுக்கு எழுதிக் கொடுத்தது இது.

1. இரண்டும்தான். அதனால் அதற்கு இரண்டு விலை உண்டு. நிஃப்டி இடிஎஃப் என்றால், நிஃப்டியிலுள்ள 50 பங்குகளையும் அதே விகிதத்தில் வாங்கிக் கூடையாக வைத்திருப்பார்கள். அதை யூனிட்களாகப் பிரித்துச் சந்தையில் பட்டியலிடுவார்கள். நம் நாட்டில் முதலில் வந்தது நிஃப்டி பீஸ், 2002 ஜனவரியில். கூடையில் ஒரு யூனிட்டின் பங்கு இவ்வளவு பெறும் என்பது ஒரு விலை. அதற்கு என்ஏவி என்று பெயர். சந்தையில் விற்பவரும் வாங்குபவரும் பேசிக்கொள்வது இன்னொரு விலை. நீ பணம் கொடுப்பது இரண்டாவதற்கு.

2. இந்த இரண்டு விலையும் ஏன் ஒட்டியே ஓடுகின்றன என்பதைப் புரிந்துகொள். பூக்கடையில் கதம்பத்தை நினைத்துக்கொள். உதிரிப்பூவைக் கொடுத்துக் கதம்பம் வாங்கலாம், கதம்பத்தைக் கொடுத்து உதிரிப்பூவாகத் திரும்ப வாங்கலாம் என்றால், இரண்டின் விலையும் வெகுதூரம் விலகாது. இங்கே அந்த மாற்று வேலையைச் செய்பவர் மார்க்கெட் மேக்கர்.

கூடையின் மதிப்பு யூனிட்டுக்கு ரூ.250, சந்தையில் ரூ.253 என்று வைத்துக்கொள்வோம். 50,000 யூனிட்டுக்கான பங்குகளை அவர் ரூ.1.25 கோடிக்கு வாங்கி ஃபண்டிடம் ஒப்படைப்பார். ஃபண்ட் 50,000 புது யூனிட்களை உருவாக்கித் தரும். அவற்றைச் சந்தையில் ரூ.1.265 கோடிக்கு விற்றால், வித்தியாசமான ரூ.1.5 லட்சத்தில் செலவு போக மீதி அவருக்கு லாபம். அவர் விற்க விற்க ரூ.253 கீழே இறங்கும். விலை ரூ.247 என்று சரிந்தால் இதே வேலை தலைகீழாக நடக்கும்: யூனிட்களை மலிவாக வாங்கி, ஃபண்டிடம் கொடுத்துப் பங்குகளாக மாற்றிக்கொள்வார். நீயும் நானும் அந்தக் கதவைத் தட்ட முடியாது. ஃபண்டிடம் நேராகப் போக, மார்க்கெட் மேக்கர் அல்லாதவர்களுக்கு ரூ.25 கோடிக்கு மேல் வேண்டும் என்று செபி வைத்திருக்கிறது.

3. அந்தக் கதவு அடைபட்டால் என்ன ஆகும்? இதைத்தான் பலர் பார்ப்பதில்லை. இந்திய ஃபண்டுகள் வெளிநாட்டில் முதலீடு செய்ய மொத்தமாக 700 கோடி டாலர் என்று ஒரு வரம்பு இருக்கிறது. 2022 தொடக்கத்தில் அது நிரம்பிவிட்டது. அமெரிக்காவின் நாஸ்டாக் 100 குறியீட்டைப் பின்தொடரும் நம்மூர் இடிஎஃப் புது யூனிட் உருவாக்க வழியில்லாமல் போனது. ஆசைப்படுபவர்கள் குறையவில்லை, யூனிட்டோ இருப்பதுதான். பிறகு சில காலங்களில் கூடையின் மதிப்பைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். அப்படி ரூ.110 கொடுத்து ரூ.100 பெறுமானத்தை வாங்கியவருக்கு, வரம்பு தளர்ந்து கதவு திறந்தால், குறியீடு அசையாமலே சுமார் ஒன்பது சதவீதம் போய்விடும். ஓர் எச்சரிக்கை: நம் சந்தை நடக்கும் நேரத்தில் அமெரிக்கச் சந்தை மூடியிருக்கும். அதனால் ஓரளவு வித்தியாசம், அன்றிரவு அங்கே என்ன நடக்கும் என்ற ஊகமாகவும் இருக்கலாம். வாரக்கணக்கில் நின்றால் அது ஊகம் இல்லை.

4. ஆர்டர் போடும் முன் ஐ-என்ஏவி பார். கூடையின் மதிப்பைச் சந்தை நேரத்திலேயே கணக்கிட்டு ஃபண்டின் இணையதளத்தில் காட்டுவார்கள். பங்கு இடிஎஃப்களில் சில நொடிகளுக்கு ஒருமுறை மாறும். அதற்குப் பக்கத்தில் லிமிட் ஆர்டர் வை. மார்க்கெட் ஆர்டர் வேண்டாம்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். அதிகம் வியாபாரமாகாத ஓர் இடிஎஃப்பில் 400 யூனிட்களைக் காலை 9.15க்கே மார்க்கெட் ஆர்டரில் விற்றேன். ஐ-என்ஏவி ரூ.119. வாங்க நின்றவர்களில் முதல் 60 யூனிட் ரூ.118.80க்குப் போனது, அடுத்த 140 ரூ.117க்கு, மீதி 200 ரூ.113க்கு. ரூ.47,600 பெற வேண்டியது ரூ.46,108 ஆனது. அரை மணி நேரம் பொறுத்திருந்தால் கூடைக்குள் இருந்த பங்குகளும் நிலைப்பட்டிருக்கும், மார்க்கெட் மேக்கரும் விலை கொடுத்திருப்பார். திரையில் ‘மார்க்கெட் டெப்த்’ என்று ஒரு பகுதி உண்டு; எந்த விலையில் எத்தனை யூனிட் கேட்கிறார்கள் என்பது அதிலேயே இருந்தது. எனக்கு அவசரம்.

5. கடைசியாக, கூடையே குறியீட்டிலிருந்து எவ்வளவு பின்தங்குகிறது என்று பார். ஃபண்டின் செலவு, கையிருப்புப் பணம், பங்குகள் மாறும்போது வாங்கி விற்கும் செலவு, இவற்றால் அது கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஒப்பிடும்போது டிவிடெண்டையும் சேர்த்த குறியீட்டோடு ஒப்பிடு. வெறும் நிஃப்டியோடு ஒப்பிட்டால் ஃபண்ட் அதை முந்திவிட்டதுபோல் தெரியும்.