தலைக்குள் ஓடிய பேருந்து

இரவில் எடுத்த சில ஒளிப்படங்களில் சாலை நெடுகச் சிவப்புக் கோடுகளும் வெள்ளைக் கோடுகளும் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். வாகனம் எதுவும் தெரியாது. அதன் விளக்கு சென்ற தடம் மட்டும் தெரியும். காமிராவின் ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்தால் இக்கோடுகள் கிடைக்கும் என்பது பலருக்கும் தெரிந்த செய்திதான். ஆனால் கோடுகளுக்கு முன்னால் ஒரு கடையும், அதில் ஒரு மனிதரும் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் என்ன செய்வது? அதில்தான் ஒரு சிறிய கணக்கு இருக்கிறது.

மதுரை காமராசர் சாலையோரம், நடைபாதையை ஒட்டி, ஓர் இட்லித் தள்ளுவண்டி. கடைக்காரர் நடைபாதையைப் பார்த்து நிற்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் பேருந்துகளும் ஆட்டோக்களும் ஓடுகின்றன. அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, மாணவர்கள் இருவரும் நானும் நடைபாதையில் முக்காலித் தாங்கியை நிறுத்தினோம்.

ஏன் ஒரே படம் போதாது?

துளை f/8, ஐ.எஸ்.ஓ. 100 என வைத்தபோது, வண்டியும் கடைக்காரரும் சரியான வெளிச்சத்தில் பதிய 4 வினாடி தேவைப்பட்டது. 4 வினாடியில் ஓரிரு வாகனங்களே கடக்கும். நிறையக் கோடுகள் வேண்டுமானால் 3 நிமிடமாவது காத்திருக்க வேண்டும். ஷட்டரை 3 நிமிடம் திறந்தே வைத்தால் என்ன ஆகும்?

அசையாத பொருளின் பிம்பம் காமிராவின் உணரியில் ஒரே இடத்தில் விழுந்துகொண்டிருக்கிறது. எனவே நேரம் கூடக்கூட அங்கு ஒளி சேர்ந்துகொண்டே போகும். 180 வினாடி என்பது 4 வினாடியைப் போல் 45 மடங்கு. வண்டி, சுவர், சாலை யாவும் 45 மடங்கு ஒளி பெற்று வெளுத்துவிடும். ஓடும் விளக்கின் கதை வேறு. அதன் பிம்பம் ஒவ்வொரு படப்புள்ளியையும் கணநேரத்தில் கடந்துவிடுகிறது. ஷட்டர் 4 வினாடி திறந்திருந்தாலும் 180 வினாடி திறந்திருந்தாலும் அப்புள்ளிக்கு அந்த விளக்கு தந்த ஒளி ஒன்றுதான். ஆகவே நேரத்தை நீட்டினால் கோடு பிரகாசமாவதில்லை. பின்னணி மட்டும் வெளுத்து, கோட்டை விழுங்கிவிடுகிறது.

45 படங்களும் ஒரு விதியும்

அதனால் 4 வினாடிப் படங்கள் 45 எடுத்தோம். இவற்றை எப்படி ஒன்றாக்குவது? சாலையின் மேல் ஒரு படப்புள்ளியை எடுத்துக்கொள்வோம். எளிமைக்காக, அங்கு பதியும் ஒளியை 0 முதல் 255 வரை எண்களால் குறிப்போம். வாகனம் வராத 44 படங்களில் அதன் மதிப்பு 20. பேருந்தின் பின்விளக்கு அதன் வழியே சென்ற ஒரே ஒரு படத்தில் 240.

கூட்டினால் 44 × 20 + 240 = 1120. எல்லையான 255ஐத் தாண்டிவிட்டது. அருகில் வாகனமே கடக்காத புள்ளியும் 45 × 20 = 900 ஆகி வெளுத்துவிடும். இது 3 நிமிடம் ஷட்டரைத் திறந்து வைத்ததற்குச் சமம்.

சராசரி எடுத்தால் 1120 ÷ 45 = ஏறத்தாழ 25. பக்கத்துப் புள்ளியோ 20. கோடு இருந்த சுவடே தெரியாது.

மூன்றாவது வழி, 45 மதிப்புகளில் மிகப் பெரியதை மட்டும் வைத்துக்கொள்வது. கோடு சென்ற புள்ளிக்கு 240. செல்லாத புள்ளிக்கு 20. கோடுகள் எல்லாம் தங்கின. சாலையும் வண்டியும் 4 வினாடிப் படத்தில் இருந்தபடியே இருக்கின்றன. GIMP என்னும் இலவச மென்பொருளில் படங்களை Open as Layers வழியாகத் திறந்து, ஒவ்வோர் அடுக்குக்கும் Lighten only என்ற முறையைத் தேர்ந்தால் இதுவே நடக்கும். ImageMagick இருந்தால் ஒரு வரி போதும்:

```
magick *.jpg -evaluate-sequence max trails.jpg
```

துண்டு துண்டான கோடுகள்

முதல் நாள் எங்களுக்குக் கிடைத்தவை கோடுகள் அல்ல, துண்டுகள். ஒரு துண்டு எவ்வளவு நீளமோ, அதை அடுத்த இடைவெளியும் அவ்வளவு நீளம். அந்தச் சமநீளமே காரணத்தைக் காட்டிக்கொடுத்தது. காமிராவில் Long Exposure NR என்ற வசதி இயங்கிக்கொண்டிருந்தது. அது ஒவ்வொரு 4 வினாடிப் படத்துக்குப் பிறகும் ஷட்டரை மூடிக்கொண்டு மேலும் 4 வினாடி இருட்டைப் படம் எடுக்கிறது. உணரியில் தானாகத் தோன்றும் புள்ளிகளைக் கண்டறிந்து கழிப்பதற்காக. மணிக்கு 36 கி.மீ. வேகம் என்பது வினாடிக்கு 10 மீட்டர். 4 வினாடி மூடியிருந்தால் பேருந்து 40 மீட்டர் தூரம் பதிவாகாமல் ஓடிவிடும்.

அவ்வசதியை நிறுத்தி, தொடர்ந்து படமெடுக்கும்படி காமிராவை அமைத்தோம். இரு படங்களுக்கு இடையே அரை வினாடி மட்டும் வீணாயிற்று; அதாவது 5 மீட்டர் இடைவெளி. படம் மாறும் தறுவாயில் ஓடிய வாகனங்களின் கோட்டில் மட்டும் இந்த முறிவு தெரியும். மற்றவை தொடர்ச்சியாக இருக்கும்.

இருளுக்கு மறைக்கும் சக்தி இல்லை

மறுநாள் படங்களை அடுக்கியதும் ஒரு மாணவன் கூவினான்: "சார், அவர் தலைக்குள்ளே பஸ் ஓடுது!"

உண்மைதான். சிவப்புக் கோடு ஒன்று கடைக்காரரின் தலையை ஊடுருவிச் சென்றது. அவர் குனிந்து இட்லி எடுத்த நேரத்தில், தலை இருந்த இடத்தில் பின்னாலிருந்த சாலை தெரிந்திருக்கிறது. அப்போது ஒரு பேருந்து கடந்திருக்கிறது. கருந்தலையின் மதிப்பு 10, விளக்கின் மதிப்பு 240. நம் விதி பெரியதையே வைத்துக்கொள்ளும். எது முன்னால், எது பின்னால் என்பது அதற்குத் தெரியாது. இதே காரணத்தால் அவருடைய வெள்ளைச் சட்டையும் அவர் அசைந்த இடமெல்லாம் ஆவிபோல் படிந்திருந்தது.

இதற்கு இரண்டு வேலைகள் செய்தோம். முதலில், கடைக்காரரைச் சற்று அசையாமல் நிற்கச் சொல்லித் தனியாக ஒரு படம் எடுத்தோம். 4 வினாடி அசையாமல் நிற்பது யாருக்கும் கடினம். எனவே நேரத்தை 1/4 வினாடியாக, அதாவது 16இல் ஒரு பங்காகக் குறைத்து, ஐ.எஸ்.ஓ.வை 100இலிருந்து 16 மடங்கான 1600க்கு உயர்த்தினோம். துளையையும் குவியத்தையும் தொடவில்லை. தொட்டால் இப்படம் மற்றவற்றோடு பொருந்தாது. பிறகு 45 படங்களில் வாகனம் ஓடிய 18ஐ மட்டும் எடுத்து, அவற்றிலும் அவர் இடம்விட்டு விலகியிருந்த 3ஐ நீக்கி, மீதி 15ஐ அடுக்கினோம். அந்த அடுக்கின் மேல் தனிப்படத்தை வைத்து, Add Layer Mask வழியாக, மனிதரும் வண்டியும் இருக்கும் பகுதி மட்டும் தெரியும்படி மற்றதை மறைத்தோம். கோடுகள் அவர் தோள்வரை வந்து மறைந்து, மறுபுறம் மீண்டும் தோன்றின.

படங்களைக் குறைத்ததில் இன்னொரு நன்மையும் கிடைத்தது. உணரியில் அங்கங்கே பொய்யான ஒளிப்புள்ளிகள் தோன்றுவது இயல்பு. சராசரி எடுத்தால் அவை அடங்கிவிடும். ஆனால் பெரியதைத் தேர்ந்தெடுக்கும் விதி, ஒவ்வொரு புள்ளியிலும் மிக மோசமான பிழையைப் பொறுக்கி எடுத்து வைக்கிறது. 45 படங்களை அடுக்கியபோது கரிய வானம் மணல் தூவியதுபோல் இருந்தது. 15இல் அது வெகுவாகக் குறைந்தது.

முடிவில் உங்களுக்கு ஒரு கணக்கு. மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் செல்லும் லாரியின் கோட்டில், அரை வினாடி இடைவெளியால் எத்தனை மீட்டர் முறிவு விழும்? இன்னொரு கேள்வி: முக்காலி நடுவில் சற்றே நகர்ந்துவிட்டால், அடுக்கிய படத்தில் தெருவிளக்குகள் எப்படித் தெரியும்?

(விடைகள்: 7.5 மீட்டர், ஒவ்வொரு விளக்கும் இரண்டிரண்டாகத் தெரியும்.)